பின்பக்க இடது கால்

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் என்னை "நொட்டை அக்கா" என்றுதான் சொல்வார்கள். மற்றவர்கள் பழைய சாமானைப் புதுசு மாதிரி காட்டுவார்கள். நான் விற்கிற சாமானை நானே நொட்டை சொல்லி விற்பேன். எனக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன்.

என் வீட்டுக்காரர் தச்சர். பழைய மேசை, நாற்காலி, கட்டில், அலமாரி எல்லாம் வாங்கி அவர் பழுது பார்ப்பார். நான் ஒவ்வொன்றுக்கும் பேசவேண்டியதை எழுதி, அவர் போனைப் பிடிக்க, சாமான் பக்கத்தில் நின்று வீடியோவில் படிப்பேன். முதலில் தேய்மானம், அடுத்து பழுது, கடைசியில் எடுத்துக்கொண்டு போகிற ஏற்பாடு. இந்த வரிசையை நான் மாற்றுவதே இல்லை. கீறலை விரலால் தொட்டுக் காட்டுவேன். கறை இருந்தால் போனைக் கிட்டே கொண்டுவரச் சொல்வேன்.

"நீ விக்கிறியா, விரட்டுறியா?" என்பார் அவர்.

"வாங்கிட்டுப் போய் திட்டுறதுக்கு, வாங்காமப் போகட்டும்" என்பேன்.

அப்படிப்பட்டவள்தான் நான். அப்படிப்பட்டவளா நான் என்று இப்போது யாராவது கேட்டால் வாயைத் திறக்க முடியாது.

அந்த அலமாரி இரண்டு கதவு வைத்த கனத்த மர அலமாரி. ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். யார் வீட்டிலோ ஈரச் சுவரில் ஒட்டி நின்று பின்பக்க இடது கால் உளுத்துப்போயிருந்தது. உளுத்ததை அறுத்துவிட்டு, உள்ளே இணைப்புக்கு மர முளை வைத்து, பசை போட்டு, புதுக் காலைப் பொருத்தினார் என் வீட்டுக்காரர். நேராக நின்றால் எத்தனை துணி அடுக்கினாலும் அசையாது. ஆனால் அந்த ஒட்டு பக்கவாட்டு எடையைத் தாங்காது. அதனால் அவர் சொன்னபடி எழுதிக்கொண்டேன்: "படி திருப்பத்துல பின்பக்க இடது கால்ல எடை விட்டுத் திருப்பாதீங்க. முன்பக்கக் காலுங்கள்ல நிறுத்தித் திருப்புங்க. தரையில இழுக்கவே கூடாது."

வீடியோவைப் பார்த்து இரண்டு பேர் வந்தார்கள். நேரில் அந்த வரியைத் திரும்பச் சொன்னதும் இருவருமே முகம் மாறினார்கள். "இவ்வளவு பார்த்துப் பார்த்துத் தூக்கணும்னா எதுக்குங்க இந்தத் தலைவலி?" என்று ஒருவர் போயே போய்விட்டார். அலமாரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே போக நாங்கள் ஒருக்களித்துத்தான் நுழையவேண்டியிருந்தது. எனக்கு எரிச்சலான எரிச்சல்.

வீடியோவைத் திரும்ப எடுத்தோம். பசை காய்ந்துகொண்டிருந்த ஒரு நாற்காலியைப் பார்த்துவிட்டு வருவதாக அவர் போனைப் பெட்டி மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். நான் படித்தேன். "இடது கதவுல நீளமா ஒரு கீறல். உள்பலகையில தண்ணிக் கறை, தேய்ச்சும் போகலை. பின்பக்க இடது கால் மாத்தினது. கதவு ரெண்டையும் கழட்டித் தந்துடுவோம், திருகாணி எல்லாம் பையில போட்டு உள்ள ஒட்டியிருக்கும். வண்டி கேட் வரைக்கும் வரும், வண்டில ஏத்துற வரைக்கும் நாங்க கை கொடுப்போம். மாடிக்கு ஏத்துறது உங்க ஆளுங்க பொறுப்பு. வாங்குறதுக்கு முன்னாடி கதவையும் படி திருப்பத்தையும் அளந்துக்குங்க."

அவ்வளவுதான். திருப்புகிற வரியை விட்டுவிட்டேன். கால் மாற்றினது என்று சொல்லியாயிற்றே, அதற்கு மேல் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அலமாரியின் குறையைத்தான் சொல்லவேண்டும், தூக்குகிறவனுக்குப் பாடம் எடுப்பதா நம் வேலை?

ஒரு டீச்சர் வாங்கினார். மூன்றாவது மாடி. தூக்க ஆள் வேண்டும் என்றதும் பஞ்சு அண்ணன் நம்பரை நானே கொடுத்தேன்.

பஞ்சு அண்ணன் எங்கள் சாமான்களைத் தூக்குகிறவர். கனத்த கட்டிலைக்கூடப் பஞ்சு மூட்டை மாதிரி சத்தமில்லாமல் இறக்குவார். அதனால் அந்தப் பெயர். அவரும் அவர் மச்சானும் ஜோடி. அவர் கீழே, மச்சான் மேலே. எடை முழுக்க வருவது கீழே நிற்பவர் மேல்தான்.

அன்று அலமாரி போகும்போது நான் வாசலில்தான் நின்றேன். "என்னக்கா, இதுல ஏதாவது இருக்கா?" என்று வழக்கம்போலக் கேட்டார். டீச்சரும் பக்கத்திலேயே நின்றார். காசு கொடுத்து முடித்த சமயம். "ஒண்ணும் இல்லண்ணே, பார்த்துப் போங்க" என்றேன்.

மதியம் டீச்சர் போன் செய்தார். குரல் கொதித்தது.

"ரெண்டாவது மாடித் திருப்பத்துல போட்டுட்டாருங்க! பக்கப் பலகை பிளந்துடுச்சு, சுவர் பெயர்ந்துடுச்சு. நல்ல ஆளுன்னு சொன்னீங்களே!"

"ஐயையோ, அடி கிடி பட்டுதா?"

"அவருக்குத் தோள்ல. கை நழுவிடுச்சும்மான்னு அவரே ஒத்துக்கிட்டார். வயசாச்சுல்ல, முடியலன்னா எதுக்கு வரணும்? எங்க குடியிருப்பு குரூப்ல போட்டுட்டேன், இனிமே யாரும் அவரைக் கூப்பிட வேண்டாம்னு. சரிதானே?"

"ம்ம்" என்றேன்.

நாசமாய்ப் போன ஒரு "ம்ம்". அதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். சட்டென்று உட்கார இடம் தேடினேன். இருக்கிற நாற்காலி எல்லாம் விற்பனைக்கு வைத்தவை. தரையில் உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் போய்ப் பார்த்துவிட்டு, முறிந்த காலைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். மேசை மேல் வைத்து முளையைத் தடவிப் பார்த்தார்.

"பக்கவாட்டுல எடை விட்டிருக்காங்க. நீ சொன்னேல்ல?"

"சொன்னேன்."

மறுகேள்வி கேட்கவில்லை. நான் சொல்லாமல் விடுவேன் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. அது வேறு நெஞ்சை அறுத்தது. சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து பிசைந்துகொண்டே இருந்தேன்.

சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். பஞ்சு அண்ணனே வரட்டும், அவரிடமே முதலில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அவர் வரவில்லை. அடுத்த கட்டில் போகிற நாள் மச்சான் மட்டும் வேறு ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"எங்கடா உங்க மாமா? தோள் வலி இன்னும் போகலையா?"

"தோளெல்லாம் சரியாயிடுச்சுக்கா. இனிமே தூக்க மாட்டேன்னுட்டார். கைல பிடி விட்டுப்போச்சாம். கீழ நின்னு நாளைக்கு நான் நழுவ விட்டா, மேல நிக்கிற உன்னையும் சேத்து இழுத்துடுமேடான்னு கேக்குறார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கட்டில் வண்டியேறும்வரைகூட நிற்கவில்லை. உள்ளே மரத்தூள் தலையோடு இழைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் போய், "நான் அந்த வரியைப் படிக்கலைங்க. உங்ககிட்டயும் பொய் சொன்னேன்" என்றேன். இழைப்புளி நின்றது. அவர் திட்டியிருந்தால் தேவலை. "எங்கிட்ட சொல்லி என்ன? அவர்கிட்ட போ" என்றார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பஞ்சு அண்ணன் வீடு ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மோட்டார் அறைக்கு ஒட்டிய ஒற்றை அறை. கதவு திறந்திருந்தது. அவர் கட்டில் ஓரத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பேத்தி, இன்னும் பேச்சு வராத குழந்தை, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"வாங்கக்கா, உட்காருங்க" என்றார்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே கொட்டினேன். எழுதியது, விட்டது, வாசலில் அவர் கேட்டும் ஒன்றும் இல்லை என்றது, டீச்சரிடம் "ம்ம்" கொட்டியது, ஒன்று விடவில்லை.

"நீங்க திருப்பத்துல எந்தக் காலை ஊன்றினீங்கண்ணே?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். கைகள் காற்றில் அலமாரியைப் பிடித்துத் திருப்பின. "பின்பக்க இடது" என்றார்.

"அந்தக் கால்தாண்ணே முறிஞ்சது. அதுக்கப்புறம்தான் உங்க கை விட்டிருக்கு. எவ்வளவு பெரிய பலசாலியா இருந்தாலும் விட்டிருக்கும். உங்க மேல தப்பே இல்ல. எல்லாம் என்னால."

அவர் மனைவி துணியை அப்படியே போட்டுவிட்டாள். "அடிப்பாவி! நாங்க என்ன பாடுபட்டோம் தெரியுமா? சொம்பைக்கூட ரெண்டு கையால பிடிக்கிறார். புள்ள கையத் தூக்கிட்டு வந்தா, அந்தப் பக்கம் திரும்பிக்கிறார். தூக்கவே மாட்டேங்குறார்!"

"விடு" என்றார் அவர்.

"விடாதீங்க. இன்னும் திட்டுங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது. அங்கேயே போனை எடுத்து டீச்சரைக் கூப்பிட்டு, அவர்கள் இருவரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"எல்லாக் குறையும் சொல்றவங்கன்னு நம்பித்தானே உங்ககிட்ட வாங்கினேன்? அந்தப் பெரியவரை எவ்வளவு பேசிட்டேன். அன்னிக்கே கேட்டேனே, சரிதானேன்னு."

"கேட்டீங்க. குரூப்ல என்னைப் பத்திப் போடுங்க டீச்சர். அலமாரியும் சுவரும் எங்க பொறுப்பு. ஆனா முதல்ல அண்ணன் பேரைச் சரிபண்ணுங்க."

"அது நீங்க சொல்லித்தான் செய்யணுமா?" என்று டீச்சர் வைத்துவிட்டார்.

பஞ்சு அண்ணன் வலது கையை விரித்து, மடக்கி, திரும்ப விரித்துப் பார்த்தார். அவர் என்னை மன்னிப்பதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"அப்ப என் கை நல்லாத்தான் இருக்கா?" என்றார்.

"நல்லாத்தாண்ணே இருக்கு."

"நீங்க சொல்றது புரியுதுக்கா. ஆனா கைக்குப் புரிய மாட்டேங்குதே."

முழங்காலடியில் குழந்தை இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு சிணுங்கியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். பிறகு திருப்பவில்லை. மனைவி எழுந்து வரப்போனதைக் கையமர்த்தி நிறுத்தினார்.

"அக்கா, இப்படி வாங்க. எதிர்ல நில்லுங்க" என்றார். "நான் தூக்குறேன். நீங்க அடியில கை வச்சுக்குங்க. நான் சொல்ற வரைக்கும் எடுத்துடாதீங்க."

நான் குனிந்து குழந்தையின் காலுக்கடியில் இரண்டு கைகளையும் நீட்டினேன். அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தூக்கினார். குழந்தை அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தது. பொட்டு எடைகூட என் கையில் விழவில்லை. நான் கையை எடுக்காமல் நின்றேன். அவர் இன்னும் சொல்லவில்லை.