பத்து கிலோமீட்டருக்குள்

என் தங்கைக்கு வாய் நீளம். இத்தனை நடந்த பிறகும் அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். வீடு தேடிவந்து வேலை கொடுத்தால், நல்ல பிள்ளையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபி குடிக்க வேண்டியதுதானே? இவள் என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். ஏழாம் பக்கத்தில் விரலை வைத்தாள்.

வேலை கொடுத்தவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர். ஒரு பிசியோதெரபி கம்பெனியின் நாலு கிளைகளுக்கு மேனேஜர். தங்கை பிசியோதெரபிஸ்ட். அவள் புருஷன் விட்டுப்போய் மூன்று வருஷம். மகளுக்குக் காது கேட்காது. இந்த ஊர்ப் பள்ளியில்தான் அந்தப் பிள்ளை கையால் பேசக் கற்றுக்கொண்டது. ஆக, தங்கை இந்த ஊரை விட்டு அசைய முடியாது. சம்பாதிப்பதென்றால் இங்கேதான். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"அத்தான், வேலையை விட்டப்புறம் ரெண்டு வருஷத்துக்கு, பத்து கிலோமீட்டருக்குள்ள இதே தொழில் பண்ணக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"எல்லாருக்கும் போடறதுதான்மா."

"நானா விட்டாத்தானா? நீங்க என்னை அனுப்பினாலுமா?"

அவர் சிரித்தார். "வந்து சேரவே இல்ல, அதுக்குள்ள போறதைப் பத்திப் பேசறியே."

"'எந்தக் காரணத்தால் நீங்கினாலும்'னு இருக்கு. அதான் கேட்டேன். சரி, பத்து கிலோமீட்டர் எங்கிருந்து? நான் வேலை பாக்கற கிளையிலேர்ந்தா, எல்லாக் கிளையிலேர்ந்துமா?"

"நீ வேலை செஞ்ச கிளைலேர்ந்து."

"லீவுக்கு ஆள் இல்லாம ஒரு நாள் வேற கிளைக்குப் போனா, அதுவும் சேருமா? அந்த ரெண்டு வருஷம் சும்மா உக்காந்திருந்தா கம்பெனி ஏதாவது குடுக்குமா? இப்ப நான் வீட்டுக்குப் போய்ப் பாக்கற நோயாளிங்க எல்லாம் நானே தேடிக்கிட்டவங்க, அவங்களும் போயிடுவாங்களா?" அவள் மூச்சு விட்டுவிட்டு இன்னொன்றும் கேட்டாள். "'கட்டணம் பெற்றோ பெறாமலோ'ன்னு வேற இருக்கே. சொந்தக்காரங்களுக்குச் சும்மா பண்ணினாக்கூடத் தப்பா?"

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்து அறையில் என் மாமியார் இருக்கிறார், எல்லாம் காதில் விழும். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவரை நடக்கவைத்ததே இவள்தான், காசு வாங்காமல். இப்போது வந்து கணக்குக் கேட்கிறாள்.

"அடியே, அத்தான்கிட்டப் பேசறியா, கோர்ட்டுல நிக்கறியா?" என்றேன்.

"அக்கா, மத்த பக்கத்துல இருக்கறது சம்பளம். இந்தப் பக்கம் என் சோறு."

என் வீட்டுக்காரருக்கு முகம் சிறுத்துப்போயிற்று. "இதுவரைக்கும் யார் மேலயும் அதை எடுத்ததில்ல. சும்மா ஃபார்மாலிட்டி. என் வார்த்தை போதாதா உனக்கு?"

"போதும் அத்தான். அதையே ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. கம்பெனியா அனுப்பினா இது செல்லாது, என் பழைய நோயாளிங்க எனக்கேன்னு. வாய்ல சொன்னது எதுவும் கணக்கில்லன்னு கடைசிப் பக்கத்துல அவங்களே போட்டிருக்காங்களே. வக்கீல் ஒருத்தர்கிட்டயும் காட்டிடறேன். ரெண்டு நாள் டைம் குடுங்க."

வக்கீலாம்! எனக்கு வந்த கோபத்தில் பேனாவை எடுத்து அவள் கையில் திணித்தேன். "புருஷன் ஓடிப்போனப்ப உன்னைத் தாங்கினது யாரு? இவர்தானே? இவரையே நம்ப மாட்டேன்னா இந்த வீட்டுப் படி ஏறாத."

அவள் என்னைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள். காபியைத் தொடவே இல்லை. திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலையில் அவள் கெட்டிக்காரி, அதை மறுக்க முடியாது. அதனாலேயே எந்தக் கிளையில் ஆள் லீவு போட்டாலும் இவரும் அவளைத்தான் அனுப்பினார். நாலு கிளையிலும் அவள் கால் பட்டது. ஊரின் நாலு மூலையிலும் கம்பெனி அவளைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்? அவளுக்குத் தோன்றியிருக்கும்.

அடுத்த வருஷம் கம்பெனி ஒரு கிளையை மூடியது. கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் வெளியே. கடிதத்தை அவள் கையில் கொடுத்தது இவர்தான். "என் கைல என்ன இருக்கு?" என்றார். அன்றைக்கும் வீட்டுக்கு வந்து வழக்கம்போல வயிறாரச் சாப்பிட்டார்.

பழைய நோயாளிகள் அவளைக் கூப்பிட்டார்கள். போனாள். போகாமல் பிள்ளைக்கு எதைப் போடுவாள்? வீட்டிலேயே அவளிடம் பார்த்துக்கொண்டு ஒரு நோயாளி கிளைக்கு வருவதை நிறுத்தியதும் தலைமை அலுவலகம் ஏன் என்று கேட்டது. என் வீட்டுக்காரர் உண்மையைச் சொன்னார். பொய் சொல்ல முடியுமா, அவர் வேலை போய்விடாதா? தங்கைக்குக் கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் போனது. கோர்ட்டுக்குப் போனால் அந்த நிபந்தனை நிற்காமலும் போகலாம் என்று அவள் வக்கீல் சொன்னாராம். ஆனால் கேஸ் முடியும்வரை யார் சோறு போடுவது? வேலைக்கு எடுப்பதாக இருந்த ஆஸ்பத்திரியும் அந்த நோட்டீஸைப் பார்த்துப் பின்வாங்கிவிட்டது. அவள் ஒரு துணிக்கடையில் நின்று புடவை மடித்தாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. வெட்கமாக இருந்தது, அவளை நினைத்துத்தான்.

பிறகு என் மாமியாருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சுப் போயிற்று. கம்பெனியிலிருந்தே ஆள் வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு புது ஆள். மாமியார் இடது கையால் அடித்துத் தள்ளினார். தோள் இறுகிக்கொண்டே வந்தது. நாளாக நாளாக மீட்பது கஷ்டம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். மாமியார் தன் முழங்காலைத் தட்டித் தட்டிக் காட்டினார். யாரைக் கேட்கிறார் என்று எங்களுக்குப் புரியாமல் இல்லை.

துணிக்கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். புடவையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"கை எவ்வளவு தூரம் தூக்கறாங்க?"

"தூக்கவே இல்லடி."

அவள் கை நின்றுவிட்டது. கண் கலங்கியது. வந்துவிடுவாள் என்று நினைத்தேன். மனசுக்குள் ஒரு மிதப்புகூட வந்தது, ரத்தம் தண்ணியாகிவிடுமா என்று.

"உங்க வீடு மூணு வட்டத்துக்குள்ள வருதுக்கா."

"என்னடி உளர்ற? சொந்த அக்காவோட மாமியாருக்கு! காசா வாங்கப்போற?"

"பெற்றோ பெறாமலோன்னு போட்டிருக்கு. இன்னொரு தரம் மீறினா நஷ்ட ஈடு கேப்போம்னு நோட்டீஸ்ல இருக்கு. எனக்கு ஒரு பிள்ளை இருக்கு. அத்தானைக் கம்பெனிகிட்ட ஒரு வரி எழுதி வாங்கிட்டு வரச் சொல்லு. அன்னிக்கே வரேன்."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். ஒருவருக்குத் தளர்த்தினால் எல்லாரும் கேட்பார்கள், முடியாது என்று பதில் வந்தது. நோட்டீஸ் போன ஆளிடம் மேனேஜரே வேலை வாங்கப் பார்ப்பது ஏன் என்று விளக்கமும் கேட்டிருந்தார்கள்.

மறுபடி போனேன். இந்த முறை கடையில் எல்லாரும் பார்க்க அழுதேன். "அத்தான் சொல்றார்டி, யாரும் எதுவும் பண்ண மாட்டாங்க, அவர் பாத்துக்கறேங்கறார். அவர் வார்த்தை போதாதா உனக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

தங்கை எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு அடுத்த வாடிக்கையாளரிடம் போய், என்ன கலர் பார்க்கறீங்க என்று கேட்டாள்.

வீட்டில் மாமியார் வாசலைப் பார்த்தபடி படுத்திருந்தார். நான் மட்டும் உள்ளே வந்ததைப் பார்த்ததும் முழங்காலைத் தட்டுவதை நிறுத்திவிட்டார்.