நோன்பு இருபது வரை

அண்ணனின் தையல்கடை வாசலில் தொங்கிய பெருநாள் விளம்பரத்தைத் தங்கச்சிதான் எழுதிக் கொடுத்திருந்தாள்: "இரண்டு உடுப்பு தைத்தால் குழந்தைச் சட்டைக்குக் கூலி இல்லை. நோன்பு இருபது வரை மட்டுமே துணி வாங்குவோம். பொறுத்தருள வேண்டுகிறோம்."

இருபத்தொன்றாம் நோன்பன்று மகளின் துணியோடு அவளே வந்து நின்றாள். அண்ணன் கத்தரியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நீ எழுதுனதுதானேம்மா? உனக்குத் தச்சா ஊரே வந்து நிக்கும்."

நியாயந்தான் என்று துணியை மடித்துக்கொண்டு திரும்பினாள்.

இருபத்தாறாம் நோன்பன்று பட்டன் வைக்க உதவிக்கு வந்த தங்கச்சியின் கண்ணெதிரே கடை இருந்த கட்டிடத்தின் முதலாளி நாலு ஜிப்பாவுக்குத் துணியை நீட்டினார். அண்ணன் பல்லெல்லாம் தெரிய அளவு நாடாவை எடுத்தார்.

முதலாளி போனதும் அவள் கை நீட்டினாள்.

"மார்க்கரைக் குடுங்கண்ணே. விளம்பரத்துல ஒரு வரி விட்டுப்போச்சு."

"என்ன வரி?"

"இந்தத் தேதி தங்கச்சிக்கு மட்டும்னு."