"தானாவா?" என்று கேட்பவள் அச்சில் இல்லை

1

இந்தக் கதை எனக்கு வந்த கோபத்தில் பிறந்தது. ஓர் ஆய்விதழுக்காக, நிகழ்த்தும் பாட்டையும் அச்சிட்ட பாட்டையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் இது: "வாய்மொழிக் கதைப்பாடல் அச்சேறும்போது சில கூறுகள் தொலைந்துபோகின்றன."

தொலைந்துபோகின்றனவாம்! பேருந்தில் குடையை மறந்து வைத்த மாதிரி. தொலையவில்லை ஐயா, வெட்டினார்கள். வாக்கியத்தை அடித்துவிட்டேன்.

2

வெட்டியவர் ஒரு தொகுப்பாசிரியர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் கத்தரி. அக்கா முன்பாட்டு, நான் பின்பாட்டு, அத்தான் மேளம். மூன்று பேர் பாடியதைப் பதிவு செய்துகொண்டு போய்ப் புத்தகம் போட்டார். அதில் எங்கள் சித்தியைப் பற்றி அக்கா கட்டிய பாட்டும் இருக்கிறது.

சித்தி புகுந்த வீட்டு மொட்டைமாடியிலிருந்து விழுந்து செத்தாள். தானாகக் குதித்தாள் என்றார்கள் அந்த வீட்டார். போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டது. நாங்கள் நம்பவில்லை. நம்பவில்லை என்று வாய்விட்டுச் சொன்னால் வழக்குப் போடுவோம் என்று மிரட்டினார்கள். அதனால்தான் பாட்டு. புத்தகத்தில் அந்த இடம் இப்படி இருக்கிறது:

*ஈரத்துணி தோளில் போட்டு மாடிப்படி ஏறினாளே*
*ஏறினவ இறங்கலையே, தானாக் குதிச்சாளே.*

அடுத்த பக்கத்தில் வேறு பாட்டு.

3

பாடும்போது நடப்பது வேறு. (கட்டுரைக்குரிய பகுதி இது. பொறுமையாக எழுதப் பார்க்கிறேன், வரவில்லை.)

"தானாக் குதிச்சாளே" என்று அக்கா முடித்ததும் மேளம் சட்டென்று நிற்கும். அந்த நிசப்தமும் பாட்டுத்தான். அதில் நான் கேட்பேன்: "தானாவா?" அக்கா அதே அடியை மெதுவாக, கடைசி எழுத்தை இழுத்துப் பாடுவாள். மறுபடி நான், "தானாவா?" அக்கா இன்னும் மெதுவாக, பாதியில் மூச்சு வாங்கி. மூன்றாம் தடவை நான் கேட்கும்போது அக்கா பாடமாட்டாள். கூட்டத்தைப் பார்ப்பாள். கூட்டம் சொல்லும்: "இல்லே!"

அக்கா பாடியது போலீஸ் எழுதியதைத்தான். நான் கேட்டது வெறும் கேள்வி. பதில் சொன்னது ஊர். யார்மேல் வழக்குப் போடுவார்கள்?

ஒரே பாட்டு ஒரே மாதிரி முடிவதும் இல்லை. ஆலை வாசலில் பாடினோம். நான் முதல் தடவை கேட்பதற்குள்ளேயே பெண்கள் கத்திவிட்டார்கள். சித்தி வாழ்ந்த தெருவில் பாடினோம். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அத்தான் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். அந்தத் தெருவில் பாட்டு அதோடு முடிந்தது, நிசப்தத்தில். அதை எந்த எழுத்தில் அச்சுக் கோப்பது?

4

கத்தரிக்குப் போன் போட்டேன்.

"திரும்பத் திரும்ப ஒரே அடி வருதும்மா. படிக்கிறவங்களுக்கு அலுத்துப்போயிடும்."

"நான் கேக்குற கேள்வி எங்க சார்?"

"அது பின்பாட்டுத்தானே?"

"கூட்டம் சொன்ன பதில்?"

"அது இரைச்சல். பாடகர் குரல் மட்டுந்தான் மூலபாடம்."

"இரைச்சலா? அதுதான் சார் பாட்டு! நீங்க அச்சடிச்சது அவங்க வீட்டுப் பொய்!"

"மறுபதிப்பு வந்தா ஓர் அடிக்குறிப்பு சேர்க்கலாம். வந்தா."

போனை வைத்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தேன். இவருடைய

(அந்த வாக்கியத்தை முடித்தால் இதழில் போடமாட்டார்கள்.)

5

இதுவரைக்கும் இது கட்டுரைக்காரியின் கோபம். இனிமேல்தான் கதை. சித்திக்கு ஒரு மகள். அப்பா வீட்டிலேயே வளர்ந்தவள். எங்கள் பக்கம் வரவே விட்டதில்லை. இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நூலகத்தில் அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, எங்க அப்பா வீட்ல அம்மா தானா குதிச்சாங்கன்னு சொல்லும்போதெல்லாம் நான் நம்பலை. நீங்களே அப்படித்தான் பாடியிருக்கீங்க. என்னை வேணாம்னுதான் போயிட்டாங்களா?"

பக்கத்தில் நின்ற அக்கா போனைப் பிடுங்கினாள். "புக்கை மூடிட்டுக் கிளம்பி வாடி."

6

வந்தாள். எங்கள் முன்னறையில் நாற்காலி நுனியில், பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் உட்கார்ந்தாள். அத்தான் மேளத்தை எடுத்தார். அக்கா பாடினாள். மேளம் நின்றது. நான் கேட்டேன். அக்கா திருப்பிப் பாடினாள். நான் மறுபடி கேட்டேன்.

மூன்றாம் தடவை கேட்டேன். அக்கா வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தாள். கூட்டம் என்று அங்கே இருந்தது அவள் ஒருத்திதான்.

முடிவு ஒன்று: அவள் "இல்லே!" என்று கத்தினாள், எல்லோரும் கட்டிக்கொண்டு அழுதோம். (எழுதினேன், அடித்துவிட்டேன். சினிமா மாதிரி இருக்கிறது.)

முடிவு இரண்டு: ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். (இதையும் அடித்துவிட்டேன். கை கூசியது.)

நடந்தது எனக்குத் தெரியும், நான் அங்கேதான் இருந்தேன். அவள் வாய் திறந்தாள். அவள் சொன்னதை இங்கே அச்சில் போட்டால், உங்கள் பதிலை வெட்டிய அடுத்த கத்தரி நான்தான். போடமாட்டேன்.

நீங்கள் இதுவரை வாயை மூடிக்கொண்டுதான் வாசித்திருப்பீர்கள். பரவாயில்லை. மேளம் நின்றிருக்கிறது, அந்தப் பெண் உங்களைத் திரும்பிப் பார்க்கிறாள், நான் கேட்கிறேன்:

தானாவா?