கேண்டீன் அவசரத்தில் போட்ட கையெழுத்து

செனாயிலுள்ள தொழிற்சாலையின் எச்ஆர் அதிகாரி ஜெயகுமார் வேலைக் கடிதத்தை நீட்டினார். நான் பேனாவைத் தொடவில்லை.

“புரோபேஷன் எத்தனை மாசம்? நோட்டீஸ் எவ்வளவு? பாண்ட் ஏதும் இருக்கா?”

“புரோபேஷன் மூணு மாசம். அதுக்குள்ள வேலைய விட்டு நின்னா ரெண்டு வாரம் நோட்டீஸ், கன்ஃபர்ம் ஆனபிறகு ஒரு மாசம். கம்பெனிக்கும் அதே கணக்குதான். பாண்ட் இல்ல. நல்லா விசாரிக்கிறீங்க லா.”

பத்து வருடங்களுக்கு முன் மாசாய் தொழிற்சாலையில் சேர்ந்தபோது நானும் என் தோழி ரூபினியும் எதையுமே விசாரிக்கவில்லை. கேண்டீன் மூடிவிடுமே என்று நான் அவசரப்படுத்த, கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினோம். கம்பெனி அனுப்பிய பினாங்குப் பயிற்சி முடிந்து திரும்பியதும் ரூபினிக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அப்போதுதான் கடிதத்தைப் படித்தோம். இரண்டு வருடத்துக்குள் விலகினால் பயிற்சிச் செலவைக் கட்டவேண்டும். அவள் போகவில்லை, ஒரு வாரம் என்னைத் திட்டினாள்.

அந்த இரண்டு வருடமும் எங்களுக்கு ஒரே அறை, ஒரே மோட்டார் சைக்கிள், ஒரே மழைக்கோட்டு. அப்படி நான் பிறகு சிரித்ததே இல்லை.

பாண்ட் முடிந்த அன்று காலையிலேயே ரூபினி நோட்டீஸ் கொடுத்தாள்.

“வேற ஏதும் கேக்கணுமா?” என்றார் ஜெயகுமார்.

ஒன்றுமில்லை என்றேன். இந்த முறை எல்லாம் தெரிந்துகொண்டு, தனியாகக் கையெழுத்துப் போட்டேன்.