ஒரே டப்பா, இரண்டு கழுத்து

சித்திரைக் கடைசியில் அர்த்தனாரி தன் அம்மா பொன்னம்மாளைக் கூட்டிக்கொண்டு மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தான். இரண்டு நாளைக்கு முன் அம்மாவின் வயிற்றுவலிக்காகக் கீழே ஒரு தனியார் மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தார்கள். கையில் மருந்து ஏற்றி எடுத்த ஸ்கேன். வலிக்குக் காரணம் சிறுநீரகத்தில் சின்னக் கல்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஸ்கேன் அறையில் ஒருவர் அந்த மருந்தில் அயோடின் இருக்கிறது என்று சொன்னது அர்த்தனாரியின் மனதை உறுத்திக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு முப்பது வருடமாகக் கழுத்துக் கழலை, தைராய்டு வீக்கம். எலுமிச்சை அளவில் ஒன்று, அதன் பக்கத்தில் சின்னதாக இரண்டு.

"ஏனுங்க மேடம், அந்த ஊசி கழுத்துக்கு ஏதாச்சும் பண்ணிருமுங்களா?"

டாக்டர் சுஜிதா கழலையைத் தொட்டுப் பார்த்தாள். அன்று வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அயோடின் ஒரேயடியாக வந்து சேர்ந்தால் தைராய்டு சுரப்பி தானே வேலையை நிறுத்திக்கொள்ளும், சில நாளில் மறுபடி பழையபடி ஓடும், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினாள். கல்லூரியில் படித்தது அப்படித்தான். சொன்னதில் பொய்யும் இல்லை. யாருடைய சுரப்பிக்கு அது பொருந்தும் என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை.

ஏழு வாரம் கழித்துப் பொன்னம்மாள் வந்தபோது சுஜிதாவுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆறு கிலோ இறங்கியிருந்தது. நீட்டிய விரல்கள் நடுங்கின. நாடி நிமிடத்துக்கு நூற்று இருபத்தெட்டு. ராகிக்களியை இரண்டு ஆள் அளவுக்குச் சாப்பிடுகிறாள், உடம்பில் ஒட்டவில்லை, குளிரிலும் போர்வையை உதறிவிடுகிறாள் என்றான் அர்த்தனாரி. இதற்கிடையில் அடிவாரத்தில் ஒரு டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று தூக்க மாத்திரை கொடுத்திருந்தார்.

ரத்தம் எடுத்துக் கீழே அனுப்பினாள். முதல் மாதிரி பஸ்ஸிலேயே கெட்டுப்போனது. இரண்டாவதற்குப் பதில் வர ஒன்பது நாள் ஆனது. சுரப்பி அடக்கமே இல்லாமல் ஹார்மோனைக் கொட்டிக்கொண்டிருந்தது.

ஸ்கேன் எடுத்த மருத்துவமனைக்கு சுஜிதா நான்கு முறை போன் செய்தாள். டிஸ்சார்ஜ் சீட்டில் ஊசி மருந்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஐந்தாவது முறை கிடைத்த டாக்டர் பொறுமையாகவே பேசினார். அயோடின் தைராய்டை அடக்கத்தான் செய்யும், அறுவை சிகிச்சைக்கு முன் நாமே சொட்டு மருந்தாகக் கொடுக்கிறோமே, ஸ்கேனால் இது வந்திருக்காது என்றார். தன்னுடைய வார்த்தைகளையே வேறொருவர் குரலில் கேட்டதும் சுஜிதாவுக்குக் காது சுட்டது.

பிறகு சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரியில் இருந்த தன் பழைய பேராசிரியை அம்சவேணியிடம் கேட்டாள். நல்ல சுரப்பிதான் அயோடின் வெள்ளத்தைக் கண்டதும் உற்பத்தியை நிறுத்தும், சில நாளில் அயோடினை உள்ளே இழுப்பதைக் குறைத்துக்கொண்டு வழக்கத்துக்குத் திரும்பும் என்றார் அவர். வருடக்கணக்காக அயோடின் போதாமல் வளர்ந்த கழலை அப்படி இல்லை. அதில் சில கட்டிகள் உடம்பின் கட்டுப்பாட்டுக்கு அடங்காதவை. சரக்கு இல்லாததால் மட்டுமே சும்மா கிடந்தவை. ஊசி மருந்திலிருந்து பிரிந்து வருகிற அயோடின் மட்டுமே மாதக்கணக்கான தேவைக்குச் சமம். அது கிடைத்ததும் அவை நிறுத்தாமல் ஹார்மோன் செய்யும். சில வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும்.

அர்த்தனாரியிடம் இதை மறைக்க சுஜிதாவுக்கு மனம் வரவில்லை. "அன்னிக்கு நான் சொன்னது உங்க அம்மாவுக்குப் பொருந்தாதுங்க. கழலைய யோசிச்சிருக்கணும். என் தப்பு."

அவன் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டான். சுரப்பியை அடக்க கார்பிமசோல், படபடப்புக்கு புரோப்ரனலால். ஏற்கெனவே செய்து சேர்த்துவைத்த ஹார்மோன் தீர வேண்டும், குணம் தெரிய நாலைந்து வாரமாகும் என்றாள்.

ஆறு வாரம் ஆகியும் ரத்தத்தில் ஹார்மோன் அளவு இறங்கவில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுவதாகப் பொன்னம்மாள் சத்தியம் செய்தாள். மாத்திரையின் அளவைக் கூட்டினாள் சுஜிதா. கூட்டியும் பயனில்லை. சலித்துப்போய், வாயில் போடுகிற எல்லாவற்றையும் எடுத்து வரச் சொன்னாள்.

அடுத்த வாரம் பை நிறைய வந்தது. தைலம், சூரணம், அடியில் ஒரு பச்சை டப்பா. கடல்பாசிப் பொடி, அயோடின் நிறைந்தது. சோளக்காடு சந்தையில் ஒரு ஏஜென்ட் விற்பது. தினம் இரண்டு கரண்டி, கழலை கரையும்.

வாங்கியது அர்த்தனாரியின் மனைவி கலைமணி. மாமியார் இளைக்கத் தொடங்கியதும் வாங்கியிருக்கிறாள். கூடவே தானும் சாப்பிட்டிருக்கிறாள். அன்று கூட வந்திருந்த அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதியிருந்தது, குரல் கரகரத்தது, அந்த வெயிலிலும் ஸ்வெட்டர். மூன்று வருடத்துக்கு முன் பிள்ளை பெற்ற பிறகு சில மாதம் தைராய்டு கோளாறு இருந்து தானாகச் சரியானதாகச் சொன்னாள். அவள் ரத்தத்தையும் அனுப்பினாள் சுஜிதா. சுரப்பி ஏறக்குறைய நின்றே போயிருந்தது.

முடிவைக் கேட்டதும் அர்த்தனாரி முதல்முறையாகக் குரலை உயர்த்தினான்.

"ஒரே டப்பாவுல ஒருத்திக்கு ஏறுமாம், ஒருத்திக்கு நின்னுருமாம். இதுல எத நம்பறதுங்க? நீங்கதான அன்னிக்கு நிக்கும்னீங்க?"

"ரெண்டும் நெசந்தானுங்க," என்றாள் சுஜிதா. "முன்னாடியே நோவு கண்ட சுரப்பி நின்னா, அயோடின் வர்ற வரைக்கும் திரும்பக் கிளம்பாது. கலைமணிக்கு அதான். அம்மாவோட கட்டிங்க நிக்கவே நிக்காது. அயோடின் உள்ள போயிட்டே இருந்தா மாத்திரையும் வேல செய்யாது."

பொன்னம்மாள் மகனின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "டாக்டர் புள்ள மேல ஏன் கத்தற, சாமி. பொடிய நாமதான வாங்குனோம்."

ஞாயிற்றுக்கிழமை சுஜிதா சோளக்காட்டுக்கே போனாள். ஏஜென்ட் சந்தோஷ்குமார் மரியாதையாக எழுந்து நின்றான். உங்கள் ஆஸ்பத்திரிச் சுவரிலேயே அயோடின் உப்பு கழலையைத் தடுக்கும் என்று போர்டு இருக்கிறதே, நானும் அதைத்தானே சொல்கிறேன் என்றான். உப்பில் இருப்பது துளி, உன் இரண்டு கரண்டியில் இருப்பது அதைப்போலப் பல மடங்கு, தடுப்பது வேறு, முப்பது வருடக் கழலை மேல் கொட்டுவது வேறு என்று விளக்கினாள். பக்கத்தில் நின்றவர்களில் இரண்டு பேர் காதுகொடுத்துக் கேட்டார்கள். அவள் பஸ் ஏறும்போது மூன்றாவது ஆள் டப்பாவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பொடியைப் பற்றி மேலிடத்துக்கு அவள் அனுப்பிய புகாருக்கும் பதில் வரவில்லை.

பொடியை நிறுத்திய ஆறாவது வாரம் கலைமணியின் சுரப்பி தானாகவே ஓடத் தொடங்கியது. ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டாள். பொன்னம்மாளுக்கு மூன்று மாதம் பிடித்தது. நாடி எண்பதுக்கு வந்தது, இழந்ததில் நான்கு கிலோ திரும்பியது, மறுபடி மிளகு பறிக்கப் போகத் தொடங்கினாள்.

தையில் கல் மறுபடி வலித்தது. கீழே மருத்துவமனையில் இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஊசி மருந்து இல்லாமலே கல்லைப் பார்க்க முடியும், மருந்து தவிர்க்கவே முடியாதென்றால் முதலில் என்னிடம் பேசுங்கள் என்று சுஜிதா ஸ்கேன் எடுப்பவர்களுக்குக் கடிதம் எழுதினாள். கடிதத்தை யாரும் படிக்க மாட்டார்கள் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அதனால் அர்த்தனாரியை எதிரில் உட்காரவைத்து, ஸ்கேன் அறையில் என்ன சொல்ல வேண்டும் என்று அவன் வாயால் மூன்று முறை சொல்லச் சொன்னாள்.

மூன்றாவது முறை தடுமாறாமல் சொன்னான். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"அவங்களும் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னா என்ன பண்றதுங்க?"

"எனக்கு போன் போட்டுக் குடுங்க."

"நீங்க சொன்னா கேப்பாங்களா?"

சுஜிதா தன் போன் நம்பரைக் கடிதத்தின் மேலேயே பெரிதாக எழுதிக்கொடுத்தாள்.