வாலில்லாத வார்த்தை

கோந்து என்று அவளுக்குப் பெயர் வைத்தவள் கூட வேலை பார்க்கிற சல்லடை. ஒரு வாக்கியத்தைப் பிடித்தால் விடமாட்டாள், ஒட்டிக்கொள்வாள், அதனால் கோந்து. எழுதிக் கொடுத்ததையெல்லாம் சலித்துக் கல் பொறுக்குகிறவள் என்பதால் இவள் பதிலுக்கு வைத்த பெயர் சல்லடை. மாடிப்படியை ஒட்டி ஓர் அறை, இரண்டு மேசை, ஆடிக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறி. அவர்களுடைய மொழிபெயர்ப்பு அலுவலகம் அவ்வளவுதான். கோந்து மொழிபெயர்ப்பாள், சல்லடை சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவாள்.

அன்று வந்த உறையைப் பிரித்துத் தலைப்பைப் படித்ததும் கோந்துவின் முகம் மாறிவிட்டது. ஒரு துணி ஆலையில் சரக்கு லிப்ட் அறுந்து விழுந்து, பெட்டி கட்டுகிற பெண் ஒருத்திக்கு இரண்டு காலும் முறிந்துபோன விவகாரம் அது. விசாரணைக் குழு உட்கார்ந்திருந்தது. ஆலையின் மேலாளரும் பெட்டி கட்டும் பிரிவின் மேற்பார்வைக்காரியும் கைபேசியில் ஆங்கிலத்தில் அனுப்பிக்கொண்ட செய்திகளைத் தமிழில் தர வேண்டும். ஆலை தானாகவே ஒரு தமிழாக்கம் கொடுத்திருந்தது. அதில் ‘லிப்ட் கம்பெனியார் நாளை ஆள் அனுப்புவார்கள்’ என்று இருந்தது. அந்த ஒரு வரியை நம்பி, வரவில்லை என்ற குற்றத்துக்காக லிப்ட் கம்பெனி தன் மெக்கானிக்கை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்தது. அவன் சங்கம் அந்தத் தமிழை ஒப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் வெளியாள் மொழிபெயர்ப்பு.

“என்னடி, பேய் அடிச்ச மாதிரி நிக்கிற?”

“இந்த மேலாளர் என் பழைய முதலாளிடி.”

சல்லடைக்குக் கதை தெரியும். பல வருஷத்துக்கு முன்னால் வேறொரு அலுவலகத்தில் கோந்து அந்த ஆளிடம் உதவியாளராக இருந்தாள். இருவருக்கும் பொதுவான ஒரே மின்னஞ்சல் பெட்டி. ஒப்பந்தப் புள்ளி ஒன்றைக் கெடு தாண்டவிட்டவர் அவர். தலைமை அலுவலகத்துக்கு அவர் தட்டிய பதில், ‘அனுப்ப மறந்தது. வருந்துதல். இனி நேராது’ என்கிற மாதிரி மொட்டையாக இருந்தது. யார் மறந்தது என்று அதில் இல்லை. அந்தப் பெட்டியைக் கவனிப்பவள் இவள் என்பதால் இவள்தான் மறந்தாள் என்று தலைமை அலுவலகம் எடுத்துக்கொண்டது. வேலை போன அன்று அவர் அறைக்குப் போய்க் கேட்டாள். அவர் பேனாவை மூடிக்கொண்டே சிரித்தார். “உன் பேர நான் எழுதவே இல்லையேம்மா.”

அந்தச் சிரிப்பை அவள் இத்தனை வருஷமும் ஊறுகாய் மாதிரி ஊறவைத்திருந்தாள்.

“குழுவுக்கு ஒரு வரி எழுதிப் போட்டுடு, தெரிஞ்ச ஆளுன்னு,” என்றாள் சல்லடை. “வேற யாராவது பண்ணட்டும்.”

எழுதினாள். அவசரம், இன்னொருவர் வரிக்கு வரி சரிபார்த்துப் பொறுப்பேற்றால் போதும் என்று குழுவிலிருந்து பதில் வந்தது. கோந்து அன்று மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. பசி வேறு இடத்தில் இருந்தது.

வேலை சுலபமில்லை, கேளுங்கள். ஆங்கிலத்தில் ‘வில் செண்ட் டுமாரோ’ என்று எழுவாயைக் கழற்றி வைத்துவிட்டு நடந்துவிடலாம். தமிழிலும் ‘நான்’, ‘நாங்கள்’ எல்லாம் விட்டுவிடலாம்தான், ஆனால் வினை தன் வாலிலேயே ஆளைக் கட்டிக்கொண்டு வரும். அனுப்புவேன், அனுப்புவோம், அனுப்புவார்கள். ஏதாவது ஒரு வாலைப் போட்டே ஆக வேண்டும். அவர்கள் அலுவலகத்தின் வழக்கம் இது: மூலத்தில் இல்லாததைச் சேர்த்தால் பகர அடைப்புக்குள் போட வேண்டும், எந்த வரியை வைத்துச் சேர்த்தோம் என்று ஓரத்தில் குறிக்க வேண்டும்.

மாலைக்குள் கோந்து முழுவதையும் முடித்துச் சல்லடையின் மேசையில் வைத்தாள். சல்லடை சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

“முதல் செய்தி. மேற்பார்வைக்காரி, ‘கயிறு மாத்த ஆர்டர் நீங்க அனுப்புறீங்களா?’ன்னு கேக்குறா. இவர், ‘வில் செண்ட் டுமாரோ’ன்னு சொல்றார். நீ ‘[நான்] அனுப்புவேன்’னு போட்டிருக்க. சரி. கேள்வி அவரைத்தானே கேட்டது.”

“ம்.”

“அடுத்தது, ‘ரிக்வெஸ்ட் யூ டு கன்ஃபர்ம்.’ ‘[நான்] கேட்டுக்கொள்கிறேன்.’ ஏன் ‘நாங்கள்’ இல்ல? ஆபீஸ் சார்பாவும் இப்படி எழுதுவாங்களே.”

“அடுத்த வரியில ‘என் மேசைக்கு வரணும்’னு இருக்கு பாரு. ஒத்தை ஆளு.”

“சரி. ‘காலையிலிருந்து முயற்சி. எடுக்கல.’ இங்க ரெண்டு எழுவாய் தொலைஞ்சிருக்கு. முயற்சி பண்ணது இவர். எடுக்காதது?”

“மெக்கானிக். மேல அவன் நம்பரைக் கேட்டு வாங்கியிருக்கார்.”

“நல்லது. அடைப்புல ‘மெக்கானிக்’னு போடு. ‘எடுக்கவில்லை’ மட்டும் இருந்தா யாருக்கு வேணும்னாலும் பொருந்தும்.” சல்லடை பக்கம் திருப்பினாள். பேனா நின்றது. “இது என்னடி?”

அதுதான் அந்தச் செய்தி. லிப்ட் குலுங்குகிறது, பெண்கள் ஏறப் பயப்படுகிறார்கள் என்று மேற்பார்வைக்காரி எழுதியதற்கு மேலாளரின் பதில்: ‘ஸ்போக் டு லிஃப்ட் கம்பெனி. வில் செண்ட் மேன் டுமாரோ. யூஸ் டில் தென்.’

கோந்து எழுதியிருந்தது: ‘லிப்ட் கம்பெனியிடம் [நான்] பேசினேன். [நான்] நாளை ஆள் அனுப்புவேன். அதுவரை பயன்படுத்துங்கள்.’

“எதை வச்சு ‘நான்’?”

“அந்த ஆளை வச்சு.”

“ஆளைக் கேக்கல. வரியைக் கேக்குறேன். முந்தின வாக்கியத்துல கம்பெனி வருது. அவங்க அனுப்புவாங்கன்னும் படிக்கலாம். ஆலையில சொந்தப் பராமரிப்பு ஆளு இருக்கான், இவரே அனுப்புவார்னும் படிக்கலாம். ‘அனுப்புவோம்’னும் படிக்கலாம். கேள்வியும் உதவல, பின்னாடி வரியும் உதவல.”

“எனக்குத் தெரியும்டி அது அவர்தான்னு! கழுத்துக்குக் கத்தி வந்தா எழுவாயை முழுங்குற ஆளு அவர்.”

“உனக்குத் தெரியும். தாளுக்குத் தெரியுமா? இதுல நான் கையெழுத்துப் போட்டா, உனக்கு அவர் செஞ்சதை நாம அவருக்குச் செஞ்சதா ஆகும். அதுகூடப் பரவால்லன்னு வை. நாளைக்கு அவர் வக்கீல் இந்த அடைப்பைப் பிடிச்சு இழுத்தா மொத்தத் தாளும் கிழிஞ்சிடும். மெக்கானிக் பாவம், நிரந்தரமா வீட்டுல உக்காருவான்.”

கோந்து சன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். சல்லடை குரலைத் தணித்தாள்.

“‘நாளை ஆள் அனுப்பப்படும்’னு போட்டுடலாம். எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. பிரச்சினையே இல்ல.”

“அதுதான் பிரச்சினை!” கோந்து சட்டென்று திரும்பினாள். “அது அவருக்குப் பாய் விரிச்சுத் தலகாணி போட்ட மாதிரி. அனுப்பப்படும்! வானத்துலருந்து அனுப்பப்படுமா? எழுவாயைப் பிடுங்கினது அவர். அந்த ஓட்டையை நாம ஏன் பூசி மெழுகணும்?”

“அப்ப என்ன போடுவ?”

கோந்து உட்கார்ந்தாள். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். மூன்று வாலையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு உதட்டின் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. சல்லடைக்கே அதைப் பார்க்கக் கொஞ்சம் பயமாக இருந்தது.

‘நாளை ஆள் அனுப்பு[ ]’ என்று எழுதினாள். ஓரத்தில்: ‘அனுப்புபவர் யார் என்று மூலத்தில் இல்லை. வேன், வோம், வார்கள் மூன்றும் பொருந்தும்.’

சல்லடை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

“அடிப்பாவி,” என்றாள் மெதுவாக. கையெழுத்தைப் போட்டாள்.

விசாரணை ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மேசைகளைச் சேர்த்துப் போட்டுக் குழுத் தலைவி நடுவில் உட்கார்ந்திருந்தார். சக்கர நாற்காலியில் பெட்டி கட்டும் பெண், பக்கத்தில் அவள் அக்கா. ஒரு புறம் மெக்கானிக்கும், அவன் கம்பெனியில் தொலைபேசி எடுக்கும் பெண்ணும். மறு புறம் ஆலைக்காரர்கள். மேலாளருக்கு முன்தலை வழுக்கை விழுந்திருந்தது, பேனா மட்டும் மாறவில்லை. மொழிபெயர்த்தவளே வாசித்துக் காட்ட வேண்டும் என்பது குழுவின் முறை. கோந்து எழுந்தபோது அவர் புருவத்தைச் சுருக்கினார். அடையாளம் தெரிந்ததும் முகம் வெளிறியது.

அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு செய்தியாக வாசித்தாள். அந்த இடம் வந்தது.

“லிப்ட் கம்பெனியிடம் பேசினேன். நாளை ஆள் அனுப்பு…”

நிறுத்தினாள்.

“அனுப்பு… என்னம்மா? முடிங்க,” என்றார் தலைவி.

“முடிக்க முடியாதுங்க. எழுதினவர் முடிக்கல.”

தலைவி கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு தாளைப் பார்த்தார். பிறகு மேலாளரைப் பார்த்தார். “சார், எழுதினது நீங்க. சொல்லுங்க. யார் அனுப்பறதா இருந்தது?”

“அது… மேடம், ஆலையோட தமிழாக்கத்துலயே இருக்கே. அவங்க…” என்று லிப்ட் கம்பெனிப் பக்கம் கையை நீட்டினார்.

தொலைபேசி எடுக்கும் பெண் கைபேசியை மேசைமேல் வைத்தாள். “எங்ககிட்ட வர்ற ஒவ்வொரு அழைப்பும் பதிவாகும் மேடம். போடட்டுமா? அன்னைக்கு, ‘மெக்கானிக் வெளியூர்ல இருக்கார், ரெண்டு நாள் ஆகும், அதுவரை லிப்டை நிறுத்தி வைங்க’ன்னு சொன்னேன். ‘சரி, எங்க ஆளை வச்சுப் பாத்துக்குறேன்’னு சார் சொன்னார்.”

“இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“யாரும் கேக்கல மேடம். தமிழ்த் தாள்ல ‘அனுப்புவார்கள்’னு தெளிவா இருந்துச்சு. அதுக்கப்புறம் யார் கேப்பாங்க?”

நீட்டிய கை மெல்ல மடியில் இறங்கியது. “அனுப்புவோம்,” என்றார் மேலாளர். “அப்படித்தான் மேடம். நாங்க அனுப்புவோம்.”

“நாங்கன்னா யார் யார்?”

அவர் திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் ஆலையின் பராமரிப்பு ஆள், எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு எழுந்தான். “என்னைச் சேக்காதீங்க சார். எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா அன்னைக்கே லிப்டைப் பூட்டியிருப்பேன்.” மேற்பார்வைக்காரி தன் நாற்காலியைச் சத்தமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். ‘நாங்கள்’ என்ற பெரிய குடைக்குக் கீழே அவர் ஒருவர்தான் மிச்சம்.

சக்கர நாற்காலியில் இருந்தவள் முதல் தடவையாக வாய் திறந்தாள். “சொல்லுங்க சார். எத்தனையோ தடவை எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏசியிருக்கீங்க. உங்களைச் சொல்ல ஒரே ஒரு வார்த்தை வரமாட்டேங்குதா?”

மேலாளர் தண்ணீர் குடித்தார். தம்ளர் பல்லில் மோதுகிற சத்தம் கேட்டது. கோந்துவுக்கு அந்தச் சத்தம் காதில் தேன் மாதிரி இறங்கியது, பொய் சொல்வானேன்.

“அனுப்புவேன்,” என்றார் கடைசியில். “நான்தான் அனுப்பறதா இருந்தது. மறந்துட்டேன்.”

தலைவி எழுதிக்கொண்டார். பிறகு கோந்துவைப் பார்த்தார். “நிரப்பிடுங்கம்மா.”

கோந்து பேனாவை எடுத்து அந்த அடைப்புக்குள் ‘வேன்’ என்று எழுதினாள். பழைய ‘அனுப்ப மறந்தது’ என்ற வரிக்கும் இன்று ஆள் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. மெக்கானிக் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குனிந்திருந்தான். அவள் அவனையும் பார்த்தாள். ஆனால் அன்றைக்கு அவள் வந்தது அவனுக்காக மட்டும் இல்லை.

கூட்டம் கலைந்தது. வாசலில் மேலாளர் வழியை மறித்துக்கொண்டு நின்றார். குரல் அடங்கியிருந்தது. “இவ்வளவு நாள் மனசுல வச்சிருந்து பேரைக் கெடுத்துட்டியேம்மா.”

கோந்து நின்றாள். கையிலிருந்த பேனாவை மூடினாள், நிதானமாக.

“உங்க பேர நான் எழுதவே இல்லையே சார்.”

படியிறங்கும்போது சல்லடை அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “போதுமாடி?”

கோந்து யோசித்துப் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம் இருந்தாலும் சாப்பிடுவேன்,” என்றாள்.