பதினேழாம் மேசை

மணி அடித்த அதே நொடியில்தான் முதல் அடி விழுந்தது. அதனால்தான் யாருக்கும் கேட்கவில்லை.

நாற்பது மேசைகள், மேசைக்கு இரண்டு நாற்காலிகள். மணி ஒலித்ததும் எண்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் விட்டு, கைகுலுக்கி, நாற்காலியை இழுத்துத் தள்ளுவார்கள். அந்த இரைச்சலில் ஒரு பெண்ணின் மணிக்கட்டு முறியும் சத்தம் எந்த மூலைக்கு?

கூடத்தின் வாசலையொட்டிய உதவி மேசையில் மணிக்காரி மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் வருட மாநாட்டில் பித்தளை மணியைக் கையால் ஆட்டிக்கொண்டு மேசை மேசையாக ஓடியவள். இப்போது ஒலிபெருக்கி தானாக அடிக்கிறது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. புட்டி, மூடி, டப்பா, அட்டை என்று பொதியும் பொருள் செய்கிறவர்களையும் அதை வாங்குகிறவர்களையும் நேருக்கு நேர் உட்கார வைப்பது அவள் வேலை. செய்கிறவர்கள் தத்தம் மேசையில் இருப்பார்கள், வாங்குகிறவர்கள் மேசை மாறுவார்கள். பன்னிரண்டு நிமிடப் பேச்சு, மூன்று நிமிட இடமாற்றம். யார் என்ன தருகிறார், யாருக்கு என்ன தேவை என்று முன்கூட்டியே படிவத்தில் எழுத வேண்டும். மென்பொருள் இரண்டையும் ஒத்துப் பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். ஒருவர் சந்திப்பு கேட்பார், மற்றவர் ஒப்புக்கொண்டால் பச்சை, மறுத்தால் சிவப்பு.

அன்று காலைவரை அவளுக்கு ஒரே ஒரு பெருமை: தன் கூடத்தில் ஒரு நாற்காலிகூடக் காலியாக இருந்ததில்லை.

அந்தப் பெருமைதான் இப்போது பதினேழாம் மேசையில் அடித்துக்கொண்டிருந்தது.

அவன் சாம்பல் நிறக் கோட்டு போட்டிருந்தான். மேசை எண்ணைத் தாங்கி நின்ற இரும்புக் கம்பியை அடித்தட்டோடு பிடுங்கித் தலைகீழாகப் பிடித்திருந்தான். முதல் அடி கையில். இரண்டாவது கன்னத்தில். அந்த மேசையில் மூடி விற்க உட்கார்ந்திருந்த அம்மாள் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தாள். அவள் எதிரே பரப்பி வைத்திருந்த மாதிரி மூடிகள் நாலாபக்கமும் உருண்டன. அவற்றில் ஒன்றை மிதித்து வழுக்கிய ஒருவர் "ஸாரி ஸாரி" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசையைத் தேடிப் போனார். கூட்டம் கூட்டமாகத்தான் இருந்தது, கண்ணிருந்தும் பார்க்கவில்லை.

மணிக்காரி பார்த்தாள். எதிரே வருகிற அத்தனை பேரையும் முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். "விடுங்க! வழி விடுங்கய்யா!" என்று அலறினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் மூன்றாவதும் நான்காவதும் விழுந்துவிட்டன. அந்த அம்மாள் மேசைக்கு அடியில் சுருண்டு, நல்ல கையால் தலையை மூடியிருந்தாள். அவன் மூச்சிரைக்க ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"பேசுடி. இப்ப பேசு. பேசுடி."

மணிக்காரி யோசிக்கவில்லை. அவன் முதுகில் பாய்ந்து கழுத்தைக் கட்டினாள். அவன் உதறினான், கம்பி சுழன்று அவள் இடது தோளில் இறங்கியது. கண்ணுக்குள் வெள்ளையாக எரிந்தது. ஆனாலும் விடாமல் கம்பி பிடித்த கையில் வாயை வைத்தாள். பல் எலும்பில் இடிக்கும்வரை கடித்தாள். அவன் ஊளையிட்டான். அப்போதுதான் கூடம் திரும்பிப் பார்த்தது. வாசல் காவலர் ஓடிவந்து நாற்காலியை ஓங்கி அவன் முட்டிக்குப் பின்னால் ஒரு போடு போட்டார். அவன் முகங்குப்புற விழுந்தான். மணிக்காரி எழுந்து வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். அது தன்னுடையது இல்லை என்பதில் அவளுக்கு ஒரு நிமிடம் ஆனந்தமாகவே இருந்தது.

அந்த ஆனந்தத்துக்கு ஆயுசு அவ்வளவுதான்.

தரையில் அமுக்கப்பட்டுக் கிடந்தவன் கத்தினான்: "அவதாங்க கூப்பிட்டா! என் பொண்டாட்டிங்க! போனைப் பாருங்க, ஒத்துக்கிட்டுத்தான் கூப்பிட்டா! வந்ததும் அவதான் கை நீட்டினா!"

யாரோ அவன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார்கள். பதினொன்றே கால், மேசை பதினேழு, பச்சை எழுத்தில் 'இருவராலும் உறுதி செய்யப்பட்டது'.

மணிக்காரி அந்தத் திரையை எட்டிப் பார்த்தாள். அந்தப் பச்சையை அந்த அம்மாள் போடவில்லை. போட்டது மணிக்காரிதான்.

நடந்தது இதுதான். பதினொன்றே காலுக்குப் பதினேழாம் மேசைக்கு வரவேண்டிய மருந்து நிறுவனக்காரர் வரவில்லை. மூன்று நிமிடம் பார்த்துவிட்டு, வராதவர் என்று குறித்து, காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஒருவரை அனுப்புவது உதவி மேசை வழக்கம். பட்டியலில் முதலில் நின்றவனுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண். இருபத்தெட்டு மில்லிமீட்டர், குழந்தைகள் திறக்க முடியாத மூடி, இரட்டைத் திருகு, வெள்ளை. அந்த அம்மாள் என்ன செய்கிறாளோ அச்சு அசலாக அதையே தேவை என்று எழுதியிருந்தான். இவ்வளவு பொருத்தமான வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார் என்று மணிக்காரி உள்ளுக்குள் பூரித்துப் போனாள். அந்த அம்மாளின் இயந்திரத்தைப் பக்கத்திலிருந்து எட்டு வருடம் பார்த்தவனால்தான் அப்படி எழுத முடியும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? புதுக் கம்பெனிப் பெயர், படம் இல்லாத கணக்கு.

ஆனால் பக்கத்திலேயே சிவப்பில் ஒன்று இருந்தது. 'மறுப்பு: 2'.

அதையும் பார்த்தாள். மறுப்பு என்றால் நேரமில்லை என்று அர்த்தம் என்பது அவர்கள் அலுவலகத்துப் பாடம். மறுப்பவரிடம் காரணம் கேட்க மென்பொருளில் கட்டமே கிடையாது. இப்போதுதான் நேரம் இருக்கிறதே என்று அவள் தன் கையால் அழுத்தினாள். உதவி மேசை போடும் சந்திப்புக்கு ஒப்புதல் கேட்காது, இரண்டு பக்கமும் தானாகப் பச்சை விழும். அந்த அம்மாள் கைப்பேசியைப் பார்ப்பதற்குள் அவன் எதிரே உட்கார்ந்துவிட்டான். மேசைக்கு அடியில் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியபடி, சிரித்த முகத்தோடு மணிக்காகக் காத்திருந்தான். தூரத்திலிருந்து பார்த்த மணிக்காரி, ரெண்டு பேரும் நல்லா ஒட்டிக்கிட்டாங்க என்று நினைத்தாள்.

பெண் காவல் ஆய்வாளர் வந்தார். அவனுக்கு விலங்கு மாட்டிவிட்டு அந்தப் பச்சை எழுத்தை நெடுநேரம் பார்த்தார்.

"அந்தம்மா பக்கத்துல போகக்கூடாதுன்னு கோர்ட்டு தடை இருக்கு இவனுக்கு. அடிச்சதுக்கு சாட்சி இருக்கு, சரி. ஆனா அவங்களே வரச் சொன்னாங்கன்னு வக்கீல் இதைக் காட்டினா, தடையை மீறினது நிக்காது. சாயங்காலமே வெளிய வந்து நிப்பான். அந்தம்மா கூப்பிட்டாங்களா இல்லையா, யாருக்காவது தெரியுமா?"

முதலுதவி அறையில் தாடை வீங்கிக் கிடந்தவளால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

மணிக்காரி உதவி மேசையிலிருந்து கணினியை எடுத்துக்கொண்டு வந்து வாயைத் திறப்பதற்குள் மாநாட்டு இயக்குநர் அவள் வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னாலிருந்த சாமான் அறைக்குப் போனார். கதவைச் சாத்தினார்.

"நீ ஒண்ணும் சொல்லாத. மென்பொருள் போட்டுச்சு, அவ்வளவுதான். உதவி மேசைப் பதிவை நான் அழிச்சிடறேன். கணினியைக் கொடு."

"நான்தான் சார் போட்டேன். மறுப்பு ரெண்டுன்னு இருந்துச்சு. பாத்துட்டே போட்டேன்."

"பைத்தியமா உனக்கு? இந்த வார்த்தை வெளிய போனா அடுத்த வருஷம் ஒரு பய இங்க உட்காருவானா? உன் வேலை போயிடும், என் வேலையும் போயிடும்."

"அழிச்சிட்டா அந்தம்மா கூப்பிட்டதா ஆயிடும் சார். அவன் இன்னைக்கே வெளிய வந்துடுவான். அடுத்த தடவை கொன்னுடுவான்."

"அது அவங்க குடும்பப் பிரச்சினை. கொடு இப்படி."

அவர் கணினியைப் பிடித்து இழுத்தார். அவள் மார்போடு அணைத்துக்கொண்டாள். பொறுமை இழந்தவர் அவளுடைய அடிபட்ட தோளைப் பிடித்து அழுத்தினார். தெரியாமல் அல்ல, தெரிந்தேதான். கட்டைவிரலை வீக்கத்தில் புதைத்தார். அவளுக்கு உயிர் போய் வந்தது. பதினோரு வருடமாக "சரிங்க சார்" என்று சொல்லிப் பழகிய வாய் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. கை சொன்னது. கணினியின் விளிம்பைத் தூக்கி அவர் வாயில் ஒரே இடி. பல் ஒன்று பெயர்ந்து ஒலிவாங்கிப் பெட்டிகளுக்கு நடுவே எங்கேயோ விழுந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"அதையும் எழுதிக்கங்க," என்றாள். "அதுவும் நான்தான்."

கதவைத் திறந்து வெளியே வந்து, மூலை விரிசல் விட்ட கணினியை ஆய்வாளர் முன்னால் வைத்தாள். திரையில் வரி வரியாக இருந்தது. முதல் கோரிக்கை, மறுப்பு. இரண்டாம் கோரிக்கை, மறுப்பு. பதினொன்று பதினெட்டு, உதவி மேசை ஒதுக்கீடு. செய்தவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

"அந்தம்மா கூப்பிடலை. ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. நான்தான் உட்கார வெச்சேன். எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன்."

ஆய்வாளர் ஒவ்வொரு வரியையும் படம் எடுத்துக்கொண்டார். "இவனை வண்டியில ஏத்துங்க," என்று தன்னோடு வந்த காவலரிடம் சொன்னார். "இன்னைக்கு இவன் எங்கயும் போகலை."

அப்போது ஒலிபெருக்கியில் அடுத்த மணி அடித்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. சுவரோரம் நின்றிருந்தவர்களில் நான்கைந்து பேர் பழக்கதோஷத்தில் கைப்பேசியைப் பார்த்து அடுத்த மேசையைத் தேடித் தலையைத் திருப்பினார்கள். மணிக்காரி போய் ஒயரைப் பிடித்து இழுத்து அறுத்தாள்.

தூக்குப்படுக்கையில் அந்த அம்மாளைக் கொண்டுவந்தார்கள். ஒரு கண் மூடியிருந்தது. முறிந்த கையை அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். ஆய்வாளர் குனிந்து, திரையில் கண்டதை மெல்லச் சொன்னார், மணிக்காரியைக் கைகாட்டினார். அந்த ஒற்றைக் கண் அவளைத் தேடிப் பிடித்தது. நல்ல கை நீண்டது. நன்றி சொல்லத்தான் என்று மணிக்காரி தன் கையைக் கொடுத்தாள்.

அந்த அம்மாள் அதைப் பிடித்து நகங்களைப் பதித்தாள். தோல் கிழிந்து ரத்தம் வரும்வரை பதித்தாள். மருத்துவ உதவியாளர் விலக்கப் பார்த்தார். மணிக்காரி வேண்டாம் என்று தலையசைத்தாள். வண்டியின் கதவுவரை அந்தக் கையோடு கூடவே நடந்தாள்.

வீங்கிய வாய் மெதுவாக அசைந்தது.

"ரெண்டு தடவை... வேண்டாம்னு... சொன்னேன்."

"பாத்தேன்மா," என்றாள் மணிக்காரி. "பாத்துட்டுத்தான் போட்டேன்."